கும்மி மெட்டு: 13 எழுத்து வரி வழுக்கிட்டுப் போகுது, 12 எழுத்து வரி தட்டுது. ஏன்?

ஓலைப்பெட்டி

குளம் தூர்வாரி முடிக்கிற அன்னைக்குக் கரையில வச்சுப் பெண்கள் அடிக்க ஒரு கும்மி எழுதியிருக்கு. மெட்டு நம்ம பக்கத்துப் பழைய மெட்டுதான். வாய்பாடு இது:

தன்னன தன்னன தன்னன தன்னன
தன்னன தன்னன தன்னனனா

புள்ளி வச்ச எழுத்தைத் தள்ளி எண்ணினா முன்பாதி 12, பின்பாதி 10 வருது. அதே கணக்குல எழுதிப் பார்த்தேன். மொத்தம் நாலு கண்ணி, மூணு இங்க தாரேன்.

1. பாசி படர்ந்த குளத்தினைப் பாரடி
கூடை எடுத்துக் கிளம்பிடடி (12 + 10)

2. மடையைத் திறந்தது யாரெனக் கேளடி
வாழை நனைந்து குளிர்ந்ததடி (13 + 10)

3. குளத்தில் நிறைய ஆகாயத் தாமரை
வேரோடு அறுத்து எடுத்து வாடி (12 + 11)

ரெண்டாம் கண்ணியில ஒரு எழுத்து கூட. ஆனா பாடும்போது ஒரு தடங்கலும் இல்ல. மூணாவதுல முன்பாதி சரியா 12, ஆனா அங்கதான் எல்லாருக்கும் கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் போகுது. பின்பாதியில பாதிப் பேர் சீக்கிரம் முடிச்சிட்டு நிக்கிறாங்க. எண்ணுறதுல பிழையா, மெட்டுல பிழையா?

நாஞ்சில் நத்தை

எண்ணுனது சரி. புள்ளி எழுத்தைத் தள்ளுறதும் சரி. பிழை 13-லயும் 11-லயும்தான். "மடையைத் திறந்தது" என்பதை "மடை திறந்தது" ஆக்குங்க, 12 வந்துரும். கடைசி வரியில "வாடி"யை "வா" ஆக்குங்க, 10 வந்துரும். மூணாம் கண்ணி முன்பாதி 12 இருக்கு, அதைத் தொட வேண்டாம். பாடுறவங்க இன்னும் ரெண்டு தடவை பழகினாப் போதும்.

குடம்தட்டி

வில்லுப்பாட்டுல இந்த எண்ணிக்கை எல்லாம் யாரும் பாக்குறதில்ல. எழுத்து கூடினா அண்ணாவி விரைசலா சொல்லிட்டுப் போவார், குறைஞ்சா பின்பாட்டு "ஆமா" போட்டு நிரப்பும். குடமும் உடுக்கும் அவர் வாயைப் பார்த்துத்தான் போகும். பாட்டுன்னா இழுக்கவும் சுருக்கவும் தெரியணும், அவ்வளவுதான்.

பறளியாறு

குடம்தட்டி அண்ணே, வில்லுல ஒருத்தர் பாடி மத்தவங்க பின்னால வாறாங்க. கதை போற போக்குல மெட்டும் மாறும். அதனால இழுக்கவும் சுருக்கவும் இடம் உண்டு. கும்மியில இருபது பேர் ஒரே நேரத்துல வாய் திறக்கணும், கை தட்டணும், காலும் நகரணும். எங்க சுருக்கணும்னு ஒருத்தர் முடிவு பண்ணினா மத்த பத்தொம்பது பேருக்கு அது தெரியாது. அதனால இங்க கணக்கு வேணும். ஆனா மொத்தக் கணக்கு அல்ல, ஒவ்வொரு கைகொட்டுக்கும் தனித்தனிக் கணக்கு.

ஓலைப்பெட்டி கேட்டதுக்கு வாறேன். வாய்பாட்டைக் கைகொட்டோட பிரிச்சு எழுதுங்க. ஒவ்வொரு மூணுலயும் முதல் எழுத்துலதான் கை விழுது.

தன் ன ன | தன் ன ன | தன் ன ன | தன் ன ன
தன் ன ன | தன் ன ன | தன் ன ன | னா – –

மொத்தம் எட்டு கைகொட்டு. ஒவ்வொண்ணுக்கும் மூணு இடம். எட்டாவதுல மட்டும் ஒரே எழுத்து மூணு இடத்தையும் பிடிச்சு நீளுது. இனி உங்க முதல் கண்ணி:

பா சி ப | டர்ந் த கு | ளத் தி னைப் | பா ர டி
கூ டை எ | டுத் துக் கி | ளம் பி ட | டி – –

கை விழுற எழுத்தை மட்டும் வாசிச்சுப் பாருங்க: பா, டர்ந், ளத், பா, கூ, டுத், ளம். எல்லாம் நெடில், இல்லேன்னா ஒற்று அடுத்த குறில். கை விழுற இடத்துல கனமான எழுத்து நிக்குது. அதனாலதான் வழுக்கிட்டுப் போகுது.

ரெண்டாம் கண்ணி:

ம | டை யைத் தி | றந் த து | யா ரெ னக் | கே ள டி
வா ழை ந | னைந் து கு | ளிர்ந் த த | டி – –

அந்தக் கூடுதல் எழுத்து "ம" எங்க போய் உட்காருது பாருங்க. முதல் கண்ணி முடிவுல "டி" மூணு இடம் நீளுதுல்லா, அதுல மூணாவது இடத்தை "ம" எடுத்துக்கிடுது. காலியா கிடந்த இடம், யாரையும் தள்ளல. கை "டை"யில விழும். அதனால 13 ஆனாலும் பிழை இல்ல. நத்தை சொன்னபடி "மடை திறந்தது" ஆக்கினாலும் பாடலாம், ஆனா "ம" என்கிற ஒத்தைக் குறில்ல கை விழும், கொஞ்சம் மெலிஞ்சு கேட்கும். ஒழுங்கா ஓடுற வரியை எதுக்கு மெனக்கெட்டு மெலிய வைக்கணும்?

மூணாம் கண்ணியிலயும் முதல் எழுத்து "கு" தனிக்குறில், அடுத்து "ளத்". அதாவது நிரையில தொடங்குது. அப்போ அது "மடையைத்" மாதிரி ஒரு எழுத்து முன்னால எடுத்துப் பாட வேண்டிய வரி. அப்படி எடுத்தா:

கு | ளத் தில் நி | றை ய ஆ | கா யத் தா | ம ரை –

13 வேண்டிய வரியில 12 தான் இருக்கு, கடைசி இடம் காலி. அதை விட மோசம் "தாமரை". "தா" மூணாவது இடத்துல மாட்டிக்கிட்டு, கை "ம"வில விழுது. கேட்கிறவங்க காதுல "காயத்தா, மரை"ன்னுதான் விழும். சரி, முன்னால எடுக்காம "கு"விலயே கை தட்டினா:

கு ளத் தில் | நி றை ய | ஆ கா யத் | தா ம ரை

இப்போ தாமரை ஒழுங்கா நிக்குது, ஆனா வரியோட தலையில குழப்பம். தமிழ் நாக்கு "குளத்தில்"னு சொல்லும்போது "ளத்"துல ஊன்றும். கை "கு"வில விழுது, நாக்கு "ளத்"துக்குப் போகுது. உங்க குழுவுல பாதிப் பேர் முதல் வழியிலயும் பாதிப் பேர் ரெண்டாம் வழியிலயும் பாடிட்டு இருப்பாங்க. எத்தனை தடவை பழகினாலும் இது தீராது. பிழை பாடுறவங்ககிட்ட இல்ல, வரி ரெண்டு பக்கமும் இழுக்குது.

ஓலைப்பெட்டி

ஆமா, சரியா ரெண்டு கூட்டமாத்தான் பிரியுது! அப்போ 12-ன்னு எண்ணினதே ஏமாத்து வேலையா? பின்பாதியையும் பிரிச்சுக் காட்டுங்கண்ணே.

பறளியாறு

பின்பாதியில தாள்ல இருக்கிற கணக்கு ஒண்ணு, வாயில வாற கணக்கு இன்னொண்ணு. எழுதினபடி சொல் சொல்லா நிறுத்திப் பாடினா:

வே ரோ டு | அ றுத் து | எ டுத் து | வா டி –

11 எழுத்து, நாலு கைகொட்டுக்குள்ள எப்படியோ அடங்குது. ஆனா தமிழ்ல "வேரோடு அறுத்து எடுத்து"ன்னு யாரும் நிறுத்திச் சொல்றதில்ல. உகரம் அடுத்த உயிரோட சேர்ந்து ஓடிப்போகும். வேரோடறுத்தெடுத்து. அப்போ:

வே ரோ ட | றுத் தெ டுத் | து வா டி | (காலி)

ரெண்டு உகரம் போச்சு, மிச்சம் 9. எட்டாவது கைகொட்டுக்கு எழுத்தே இல்ல. சேர்த்துப் பாடுறவங்கதான் சீக்கிரம் முடிச்சிட்டு நிக்கிறாங்க. நத்தை சொன்ன மாதிரி "வா"ன்னு வெட்டினா நிறுத்திப் பாடுறவங்களுக்கு 10 வரும், சேர்த்துப் பாடுறவங்களுக்கு 8 ஆயிரும். இடைவெளி அப்படியே இருக்கும்.

அதனால எண்ணுறதுக்கு முன்னால சேர்த்து எழுதிடுங்க. சொல் குற்றியலுகரத்துல முடிஞ்சு அடுத்த சொல் உயிர்ல தொடங்கினா அந்த உகரத்தை அடிச்சிடணும். "ஓடு, அறுத்து, எடுத்து, வந்து, கொண்டு" எல்லாம் இந்தக் கூட்டம். மெய்யில முடியுற சொல்லுக்கு இந்தக் கவலை இல்ல. "கரையில் எடு"ன்னாலும் "கரையிலெடு"ன்னாலும் ஐந்து எழுத்துதான். "அள்ளி அள்ளி"யில இடையில யகரம் வந்தாலும் எண்ணிக்கை மாறாது. உகரம் ஒண்ணுதான் ஆளை ஏமாத்தும்.

மாத்து வரி ஒண்ணு தாரேன், பிடிச்சா எடுத்துக்கோங்க:

ஆ கா யத் | தா ம ரை | மூ டி ய | நீ ர டி
வே ரோ ட | றுத் து வி | லக் கி ட | டி – –

சுருக்குப்பை

கையால எண்ணி விரல் தேய வேண்டாம். பைத்தான்ல மூணு வரி போதும்:

```python
import re
def ennu(s):
    return len(re.findall('[அ-ஹ]', s)) - s.count('\u0BCD')
```

`ennu("பாசி படர்ந்த குளத்தினைப் பாரடி")` கொடுத்தா 12 வரும். கால், கொம்பு எல்லாம் அந்த வரம்புக்கு வெளியே இருக்கிறதால தானா கழிஞ்சிரும். புள்ளி மட்டும் கழிச்சாப் போதும். ஆய்தத்தையும் எண்ணாது. "ஔ"வை ஒரே எழுத்தா தட்டணும், "ஒ"வையும் "ள"வையும் சேர்த்துத் தட்டினா ரெண்டா எண்ணிரும்.

பறளியாறு

நல்லா இருக்கு தம்பி. ஆனா "வேரோடு அறுத்து எடுத்து வாடி" கொடுத்தா 11-ன்னுதான் சொல்லும். சேர்த்து எழுதினதைக் கொடுக்கணும். அப்புறம், மூணாம் கண்ணி முன்பாதிக்கும் அது 12-ன்னே சொல்லும். கை எங்க விழுதுன்னு அதுக்குத் தெரியாது. முதல்ல சலிச்செடுக்க வச்சுக்கோங்க, முடிவுக்கு வேண்டாம்.

நாஞ்சில் நத்தை

எழுத்து எண்ணுறதை விட மாத்திரை எண்ணினா இந்தச் சிக்கல் எல்லாம் வராதே? குறில் 1, நெடில் 2, ஒற்று அரை. "தன்னன"வுக்கு ஒரு கணக்கு, "ஆகாயத்"துக்கு வேற கணக்கு. மூணும் கனமான எழுத்து. அண்ணன் கொடுத்த மாத்து வரியே மாத்திரையில கூடுது பாருங்க.

பறளியாறு

"ஆகாயத்" கனம்தான், அதை மறுக்கல. ஆனா மாத்திரைக் கணக்கு இந்த மெட்டுக்கு அப்படியே பொருந்தாது. ஒரு கைகொட்டை மூணா வகுத்து ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பங்கு கொடுக்கிற நடை இது. "தன்"னுக்கும் ஒரு பங்கு, "ன"வுக்கும் ஒரு பங்கு. ஒற்று அந்தப் பங்குக்குள்ளயே அடங்கிரும். வண்ணப் பாட்டுலதான் தத்த, தந்த, தான எல்லாம் தனித்தனி. அங்க வல்லொற்றுக்குப் பதில் மெல்லொற்று வந்தாலே சந்தம் கெட்டுது. கும்மியில அவ்வளவு கெடுபிடி கிடையாது.

இங்க பார்க்க வேண்டியது ஒண்ணுதான். ஒவ்வொரு மூணுலயும் முதல் எழுத்து கனமா இருக்கணும், மத்த ரெண்டும் முடிஞ்ச வரை லேசா இருக்கணும். சொல்லோட நடுவுலயோ கடைசியிலயோ வாற ஐகாரத்தை லேசுன்னே வச்சுக்கலாம். "கூடை"யில "டை", "வாழை"யில "ழை" எல்லாம் வாய்ல குறுகித்தான் வருது. மூணாவது இடத்துல ஒரு நெடில் வந்து உட்கார்ந்தா ஆபத்து. அது அடுத்த கைகொட்டைத் தள்ளிவிட்டுரும். ரெண்டாவது இடத்துல வந்தா அவ்வளவு ஆபத்து இல்ல, "ஆகாயத்"துல "கா" மாதிரி, "வேரோ"வுல "ரோ" மாதிரி.

தோவாளை மல்லி

கும்மி பழக்குற ஆள் என்கிறதால ஒண்ணு சொல்லணும். கடைசிக் கண்ணி வரும்போது கும்மி வேகம் பிடிக்கும். முதல்ல இருந்த வேகத்துல எல்லா வரியும் அழகாத்தான் வரும். பாட்டு உடையுறது வேகம் கூடும்போதுதான். அதனால எழுதினதும் மெதுவாப் பாடிப் பார்த்துச் சரின்னு வைக்காதீங்க. கடைசி வேகத்துல வெறும் வாயால, மெட்டு இல்லாம, கை மட்டும் தட்டிச் சொல்லிப் பாருங்க. நாக்கு இடறுற எழுத்துல பென்சிலால ஒரு புள்ளி. அந்த இடத்துல ஒண்ணு எழுத்து கூடியிருக்கும், இல்ல மூணாவது இடத்துல நெடில் இருக்கும்.

"ஆகாயத்" வேகத்துல "ஆகயத்" ஆயிரும். அது பரவாயில்ல, நம்ம ஆட்கள் பேசும்போதே அதை ஒழுங்கா நீட்டுறதில்ல.

ஆனா பறளியாறு அண்ணன் சொன்னதுல ஒண்ணு எனக்கு ஒப்பல. வரியோட தலையிலதான் கூடுதல் எழுத்துக்கு இடம் இருக்குன்னு தோணுற மாதிரி எழுதியிருக்கீங்க. பின்பாதி தலையிலயும் நம்ம பாட்டிமார் கூட்டிப் பாடத்தானே செய்யுறாங்க? நிரையில தொடங்குற பின்பாதி எத்தனை கும்மியில இருக்கு!

பறளியாறு

இருக்கு அக்கா. ஆனா அங்க நடக்குறது வேற. வரித் தலையில வாற கூடுதல் எழுத்துக்கு முந்தின "டி"யோட நீட்டத்துல இடம் கிடைக்குது. பின்பாதித் தலையில முந்தின கைகொட்டு "கே ள டி" முழுசா நிரம்பியிருக்கு. அதனால ரெண்டு எழுத்தும் ஒரே இடத்துல நெருக்கிக்கிட்டு உட்காரணும். "வாழை"க்குப் பதில் "வயல்கள்" போடுங்க:

கே ள டி | வயல் கள் ந | னைந் து கு | ளிர்ந் த த | டி – –

"வயல்" ஒரே பங்குல போயிரும், ரெண்டும் குறில். அதே இடத்துல "பலாவும் நனைந்து"ன்னு போட்டுப் பாருங்க. "பலா"வை ஒரு பங்குல அடைக்க முடியாது, "லா" நெடில். "பலவும்" ஆயிரும், பலாப்பழம் காணாமப் போயிரும். எண்ணிக்கை ரெண்டுக்கும் 11 தான்.

தோவாளை மல்லி

பலாவுக்கு ஒத்துக்கிடுறேன். வயல் மாதிரிச் சொல் வந்தா நான் தாராளமா விடுவேன். நீங்க அதையும் தவிர்க்கச் சொல்வீங்க போல.

பறளியாறு

பழகின குழுன்னா விடலாம். அன்னைக்குக் கரையில கூடுற ஊர்ப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து பாடணும்னா நான் தவிர்ப்பேன். நாலு கண்ணியிலயும் பின்பாதி ஒரே மாதிரி நேர்ல தொடங்கினா அவங்களுக்குக் காது பழகிரும்.

மார்த்தாண்டம் தேன்

எங்க பாடகர் குழுவுக்கு இதே தொல்லை, ஆனா மேற்கத்திய மெட்டுல. ராகப் புத்தகத்துல மெட்டுக்குப் பக்கத்துல 8.6.8.6-ன்னு எண் போட்டிருக்கும். முதல் வரிக்கு 8 அசை, ரெண்டாவதுக்கு 6, அப்படியே திரும்பும். 8-ன்னு எண்ணித்தான் தமிழ் வரி எழுதுறோம். ஆனா ஆர்கன்ல வச்சுப் பாடினா சொல் கோணலா வருது. நம்ம புள்ளி தள்ளுற எண்ணிக்கையும் அவங்க எண்ணுறதும் ஒண்ணுதானா?

பறளியாறு

ஏறக்குறைய ஒண்ணுதான். ஒரு உயிர் ஒலிக்கு ஒரு எண். தமிழ்ல புள்ளி எழுத்தைத் தள்ளினா அதுதான் கிடைக்குது. உங்க சிக்கல் எண்ணிக்கையில இல்ல, ஊன்றுற இடத்துல. 8.6.8.6 மெட்டு பெரும்பாலும் லேசு, கனம், லேசு, கனம்னு நடக்கும். முதல் எழுத்து தாளத்துக்கு முன்னால எடுக்கிறது. அந்தக் கும்மிக்கு நேர்ல தொடங்குற சொல் வசதின்னா, இந்த மெட்டுக்கு நிரையில தொடங்குற சொல் வசதி. ரெண்டு வரி பாருங்க, ரெண்டும் 8:

கி ழக் | கு வா | னம் சி | வக் க
கி ழக் | கு வா | னம் பூத் | த தே

ஒவ்வொரு சோடியிலயும் ரெண்டாவதுதான் தாளம் விழுற இடம். முதல் வரியில "வக்" லேசான இடத்துல, "க" கனமான இடத்துல. "சிவக்கா"ன்னு நீட்டி முடிக்க வேண்டியிருக்கும். ரெண்டாவது வரியில ழக், வா, பூத், தே. நாலும் கனம், அது அது அதனதன் இடத்துல நிக்குது.

மார்த்தாண்டம் தேன்

"சிவக்கா"! அதேதான் எங்ககிட்ட நடக்குது, மக்கா. பாட்டு மாஸ்டர் அதுக்குச் சுரத்தை மாத்துறார்.

பறளியாறு

சுரத்தை மாத்தினா அந்தச் சரணத்துக்குச் சரி, அடுத்த சரணத்துல அதே இடத்துல வேற சொல் வரும். சொல்லை மாத்துறதுதான் மலிவு.

நாஞ்சில் நத்தை

இப்போதான் ஒண்ணு பொறி தட்டுது. கட்டளைக் கலித்துறையில நேர்ல தொடங்கினா அடிக்கு 16 எழுத்து, நிரையில தொடங்கினா 17, ஒற்று நீக்கின்னு படிச்சது. ஏன் அந்த ஒரு எழுத்து வேறுபாடுன்னு புரியாமத்தான் மனப்பாடம் பண்ணினது. இங்க 12-ம் 13-ம் வாறதும் அதேதானே?

பறளியாறு

அதே குடும்பம்தான். வெண்டளை பிசகாம போற அடியில, நிரையில தொடங்கினா தலையில ஒரு குறில் கூடும், மத்த இடம் எல்லாம் அப்படியே நிக்கும். பாசி படர்ந்த குளத்தினைப் பாரடி. மாவுக்கு அடுத்து நிரை, விளத்துக்கு அடுத்து நேர், எங்கயும் தளை தட்டல. அதனாலதான் கைகொட்டும் தானா கனமான எழுத்துல விழுது. "குளத்தில் நிறைய ஆகாயத்"துல, "நிறைய" புளிமா, அடுத்து நிரை வரணும், "ஆ" வந்திருக்கு. தளை தட்டின அதே இடத்துலதான் மெட்டும் தட்டுது. யாப்பு தெரிஞ்சவங்க தளை பார்த்தாப் போதும், கையெல்லாம் தட்ட வேண்டாம்.

தோவாளை மல்லி

யாப்பு தெரியாதவங்க கை தட்டினாப் போதும், தளை எல்லாம் பார்க்க வேண்டாம். 😄

ஓலைப்பெட்டி

மூணாம் கண்ணியை மாத்திட்டேன். நாலாவதையும் நீங்க சொன்ன மாதிரிக் கோடு போட்டு எழுதிப் பார்த்தேன்:

தூர்ந் து கி | டந் த க | ரை யை உ | யர்த் த டி
தென் னை ந | ட வொ ரு | நாள் கு றிப் | போம் – –

எண்ணிக்கை 12-ம் 10-ம். மூணாவது கைகொட்டு "ரை"யில விழுது, ஆறாவது "ட"வுல விழுது. ரெண்டும் மெலிவா இருக்கோ?

தோவாளை மல்லி

"தென்னை நட, ஒரு நாள்"னு பொருள் பிரியுற இடத்துல "ந" ஒரு கையிலயும் "ட" அடுத்த கையிலயும் போகுது. வேகத்துல சொல்லிப் பார்த்தேன், இடறல. ஆனா "தென்னைந, டவொரு"ன்னுதான் காதுக்கு வருது. கடைசிக் கண்ணி, அதுலயும் பொருள் தெளிவா கேட்கணும்னா மாத்துங்க. அப்புறம் முடிவு. முதல் மூணு கண்ணியும் "டி"ன்னு முடியுது, இதுல "போம்". "டி"யை "டீ"ன்னு நீட்டிப் பழகின வாய் "போம்"ல சீக்கிரம் மூடிரும், "ம்" மட்டும் முனகலா நிக்கும். பாட்டு முடியுற கண்ணிங்கிறதால அதை நான் விட்டுருவேன். நடுவுல வந்திருந்தா விடமாட்டேன்.

பறளியாறு

"ரை" பரவாயில்ல, கை விழுந்தா அந்த ஐகாரத்தை முழுசாச் சொல்லிக்கலாம். "ட"வுக்கு ஒரு வழி: "தென்னங்கன் றூன்றிட நாள்குறிப்போம்".

தென் னங் கன் | றூன் றி ட | நாள் கு றிப் | போம் – –

10 எழுத்து, கை விழுறது தென், றூன், நாள், போம். "கன்று ஊன்றிட"ன்னு பிரிச்சு எழுதினா 11 ஆயிரும், சேர்த்துத்தான் அச்சடிக்கணும். முதல் மூணும் கனமா இருக்கு, அது மட்டும்தான் எனக்கு உறுத்துது.

குடம்தட்டி

"கன் றூன்றிட"ன்னு அச்சடிச்சுக் கொடுத்தா ஊர்ல யாருக்கு விளங்கும்? எழுத்துக் கூட்டிட்டு நிப்பாங்க. "தென்னை நட"ன்னு இருந்த வரியே இருக்கட்டும்.

ஓலைப்பெட்டி

ரெண்டையும் எழுதி வச்சிருக்கேன். நாளைக்குச் சாயங்காலம் கடைசி வேகத்துல ரெண்டையும் பாட வச்சுப் பார்த்துட்டு எது நிக்குதோ அதை வைக்கேன். தாள்ல கோடு போட்டே அச்சடிக்கலாமா, இல்ல அது கண்ணைக் குழப்புமா?

தோவாளை மல்லி

கோடு வேண்டாம் மக்ளே. கை விழுற எழுத்தை மட்டும் தடிச்ச எழுத்துல போடுங்க. "மடையைத்" தொடங்குற இடத்துல "ம" மெலிசா, "டை" தடிப்பா. முன்னால எடுக்கணும்னு அதைப் பார்த்தே பிடிச்சுக்கிடுவாங்க.